ஏலக்காய்க் கடைக்கு மாதப் பதிவுத் திட்டம்: ஏஐ கருவியிடம் எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது

குமுளி ரோட்டில் எங்கள் ஏலக்காய்க் கடைக்கு வாட்ஸப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் என்ன போடுவது என்று இப்போது ஏஐ கருவியை வைத்துத்தான் திட்டமிடுகிறேன். கணக்குத் திறப்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், நேராக வேலைக்கு வருகிறேன்.

முதலில், கருவியைத் திறக்காமல் ஒரு விவரத் தாள் எழுதுங்கள். எங்கள் தாளில் இருப்பது: ஏலம் மரமல்ல, இஞ்சிக் குடும்பச் செடி, காய் தூரடியில் கிளம்பும் சரத்தில் பிடிக்கும், எடுப்பு ஆடி ஆவணி தொடங்கி தை மாசி வரை, வெயிலில் காயவைத்தால் பச்சை வெளிறும், அதனால் ஸ்டோர் என்கிற உலர்த்தும் கூடத்தில் சூடேற்றிக் காயவைக்கிறோம். இந்தத் தாள் இல்லாவிட்டால் 'மரத்தில் பறித்த ஏலக்காய்' என்று கருவி கூசாமல் எழுதிவிடும்.

அடுத்து, தாளை ஒட்டிவிட்டு இப்படிக் கேளுங்கள்:

```
மேலே உள்ள விவரங்களை மட்டும் வைத்து,
ஏலக்காய் வாங்குபவர் கேட்கக்கூடிய
20 கேள்விகள் கொடு. பதில் எழுதாதே.
விவரம் போதாத கேள்விக்கு * போடு.
```

கடைசி இரண்டு வரிகள்தான் உயிர். பதிலையும் கேட்டால் எல்லாக் கடைக்கும் பொருந்தும் பேச்சுதான் வரும். நட்சத்திரம் போட்டவற்றை ஸ்டோர்க்காரரிடம் கேட்டுத் தாளில் சேர்ப்பேன். நட்சத்திரம் இல்லாததையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், கருவி சிலதை விட்டுவிடும். தேர்ந்த கேள்விகளைத் தேதிவாரியாக கூகுள் ஷீட்ஸில் போட்டால் போதும். தனியாகத் திட்டமிடும் செயலி சின்னக் கடைக்கு வீண் செலவு.

அதிக நேரம் பிடிப்பது பதில்தான். ஒரு கேள்வி: 'டீக்கு 8 மி.மீ. காய் வேணுமா?' கருவியை விட்டால் 'எங்கள் பிரீமியம் ஏலக்காயின் மயக்கும் நறுமணம்' என்று ஆரம்பிக்கும். எங்கள் அண்ணன் கல்லாவில் சொல்வதை போனில் குரல் தட்டச்சில் பிடித்தேன்: "டீக்குன்னா சின்னக் காயே போதும்ண்ணே. உடைச்சுப் பாருங்க, விதை கறுப்பா பிசுக்குன்னு இருந்தா மணம் தூக்கும். பெரிய காய் பாயசத்துல கண்ணுக்கு அழகு." இதைக் கொடுத்து, 'எழுத்துப்பிழை மட்டும் திருத்து, சொல்லை மாற்றாதே' என்பேன். 'அண்ணே'யை 'வாடிக்கையாளர்களே' ஆக்கியிருந்தால் பழையபடி மாற்றிவிடுவேன்.

போடும் முன் எண்ணையும் உடல்நலப் பேச்சையும் தேடிப் பாருங்கள். 2019 ஆகஸ்டில் இடுக்கி மாவட்டம் புற்றடியில் நடந்த ஏல விற்பனையில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்ட செய்தி இணையத்தில் இன்னும் கிடக்கிறது; அதை இன்றைய விலை போலக் கருவி எழுதக்கூடும். விலையை ஸ்பைசஸ் போர்டு தளத்தில் அன்றன்று பார்த்து நானே போடுகிறேன். அங்கே உச்ச விலையும் சராசரி விலையும் இருக்கும், சராசரியைப் பாருங்கள். 'ரத்த அழுத்தத்தைக் குணமாக்கும்' போன்ற வரியை வெட்டிவிடுங்கள். நோயைக் குணமாக்கும் என்று உணவுப் பொருளுக்கு விளம்பரம் செய்ய உணவுப் பாதுகாப்புச் சட்டம் இடம் தராது.

பிறகு சேர்த்தது: மலையாளத்திலும் இதையே போடலாமா என்று கம்பத்திலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். போடலாம், ஆனால் தமிழ்ப் பதிவைக் கருவியில் மொழிபெயர்க்காதீர்கள். மலையாளம் பேசும் ஆளைக் கல்லாவில் நிறுத்தி, அதே கேள்விக்கு அவர் சொல்லும் பதிலைப் பிடியுங்கள்.