சீரியல் லைட் விற்பவர்கள் விவரத்தில் செய்யும் தவறுகள்

கார்த்திகைக்கு இரண்டு நாள் முன்னால் ஒரு அம்மா சீரியல் லைட் பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். "மொட்டைமாடிச் சுவர் முப்பது அடிப்பா. பத்து மீட்டர்னு போட்டிருந்தீங்க, பத்தலையே" என்றார். பத்து மீட்டர் என்றால் கிட்டத்தட்ட 33 அடி, போதுமே என்று நினைத்தேன். ஆன்லைனில் அந்த விவரத்தை எழுதியவன் நான்தான். பெட்டியில் இருந்ததை அப்படியே பார்த்து எழுதியிருந்தேன்.

பிரித்து டேப் வைத்து அளந்தேன். பிளக்கிலிருந்து முதல் பல்பு வரை 2 மீட்டர் வெறும் வயர். எரிகிற பகுதி 8 மீட்டர்தான், அதாவது 26 அடி. அவர் சுவரில் நான்கு அடி இருட்டாகவே நின்றிருக்கும். அன்றிலிருந்து இரண்டு அளவையும் தனித்தனியாகவே எழுதுகிறேன். வெறும் வயரின் நீளமும் தேவைதான். பிளக் பாயிண்ட் எட்டுமா, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டுமா என்பதை அதை வைத்துத்தான் வாங்குபவர் முடிவு செய்வார்.

பல்பு எண்ணிக்கையும் தனியாக நின்றால் ஒன்றும் சொல்லாது. 8 மீட்டரில் 80 பல்பு என்றால் பத்து சென்டிமீட்டருக்கு ஒன்று, சுவர் ஓரத்தில் நல்ல கோடாகத் தெரியும். அதே நீளத்தில் 40 என்றால் புள்ளி புள்ளியாகத்தான் இருக்கும். இடைவெளியைச் சென்டிமீட்டரில் சொல்லிவிட்டால் வாங்குபவர் மனதில் படம் வந்துவிடும். ஜன்னலுக்குத் தொங்கவிடும் திரை லைட்டில் தவறு இன்னும் பெரிது. எல்லா இழைகளையும் கூட்டி "30 மீட்டர்" என்று போட்டால், மூன்று மீட்டர் அகல ஜன்னலுக்கு வாங்குபவர் குழம்பிப் போவார். அகலம் இவ்வளவு, தொங்கும் உயரம் இவ்வளவு என்று எழுதுங்கள்.

நான் அதிகம் பயப்படுவது "வாட்டர்ப்ரூஃப்" என்ற ஒற்றைச் சொல்லுக்குத்தான். தீபாவளியும் கார்த்திகையும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வருபவை. அந்தச் சொல்லை நம்பி லைட்டை மழையில் கட்டுவார்கள். பெட்டியில் இருக்கும் ஐபி எண்ணைப் பாருங்கள். அதில் இரண்டாவது இலக்கம்தான் தண்ணீருக்கானது. ஐபி44 எந்தப் பக்கமிருந்தும் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும், ஐபி65 குழாயிலிருந்து பீய்ச்சினாலும் தாங்கும், ஐபி20 தண்ணீரைத் தாங்கவே தாங்காது. அப்புறம், அந்த எண் எந்தப் பகுதிக்கு என்பதையும் பாருங்கள். பல செட்டுகளில் பல்புச் சரத்துக்குத்தான் ஐபி65. அடாப்டரில் சின்னதாக ஒரு வீட்டுப் படம் அச்சிட்டிருந்தால், அதை வீட்டுக்குள் மட்டும்தான் பயன்படுத்த வேண்டும் என்று பொருள். ஆகவே "சரம் மழையில் நனையலாம், அடாப்டரும் கன்ட்ரோலரும் கூரைக்குள் இருக்க வேண்டும்" என்று முழுதாக எழுதுங்கள். ஐபி எண்ணே இல்லாத செட்டை வீட்டுக்குள் கட்டுவதற்கு என்று மட்டும் சொல்லி விற்கலாம்.

மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஒரு வரி போதும்: நேரடியாக 230 வோல்ட் பிளக்கா, அடாப்டரா, யூஎஸ்பியா, பேட்டரியா, சோலாரா. யூஎஸ்பி என்றால் அடாப்டர் பெட்டிக்குள் இருக்கிறதா, பேட்டரி என்றால் எத்தனை, கூடவே வருமா என்பதையும் அதே வரியில் சேர்த்துவிடுங்கள்.

கடைசியில் இருப்பது ஜாயிண்ட். சரத்தின் முனையில் சாக்கெட் இருப்பதைப் பார்த்ததும் "எத்தனை செட் வேண்டுமானாலும் சேர்க்கலாம்" என்று எழுதிவிடுகிறார்கள். அடாப்டர் செட்டில் எல்லாச் சரத்துக்கும் அந்த ஒரே அடாப்டர்தான் மின்சாரம் தர வேண்டும். ஒரு உதாரணம்: அடாப்டர் ஸ்டிக்கரில் 6 வாட், ஒரு சரத்துக்கு 2.8 வாட். இரண்டு சேர்ந்தால் 5.6, சரி. மூன்றாவதையும் மாட்டினால் 8.4. அடாப்டர் கொதிக்கும், கடைசிச் சரம் மங்கும், சில நேரம் எல்லாமே அணைந்து அணைந்து எரியும். நேரடி பிளக் வகையில் வயரின் கனம்தான் வரம்பு. அதனால் தயாரித்தவர் சொல்லும் எண்ணைத் தாண்டக் கூடாது. சாக்கெட் பொருந்துகிறதே என்று வேறு பிராண்டு சரத்தை மாட்டுவதும் ஆபத்துதான். ஒன்றின் முனையில் வரும் மின்சாரம் இன்னொன்றுக்கு ஒத்துப்போகும் என்று சொல்ல முடியாது. நேரடி பிளக் வகையில் கடைசி முனையிலும் மின்சாரம் இருக்கும். அதன் மூடியைக் கழற்றிவிட்டு மழையில் தொங்கவிடக் கூடாது என்பதையும் எழுதுங்கள்.

அந்த அம்மாவின் செட்டுக்கு இப்போது இருக்கும் விவரம் இதுதான்: "எரியும் நீளம் 8 மீட்டர் (26 அடி), பிளக் பக்கம் வெறும் வயர் 2 மீட்டர். 80 பல்பு, 10 சென்டிமீட்டர் இடைவெளி. சரம் ஐபி44, அடாப்டர் வீட்டுக்குள் மட்டும். அடாப்டர் பெட்டியிலேயே உண்டு. இதே மாடலில் இரண்டு செட் வரை சேர்க்கலாம்."