மோயோவைக் கண்டதும் உள்ளே குதிப்பவர்களுக்கு

கோ என்ற பலகை விளையாட்டைப் புதிதாக ஆடுபவர்களின் ஆட்டத்தை அருகில் உட்கார்ந்து பார்க்கும்போது ஒரு கட்டம் வரும். எதிராளி ஒரு பக்கம் முழுக்கக் கற்களைப் பரப்பி ஒரு பெரிய மோயோ, அதாவது பின்னால் நிலமாகலாம் என்று வளைத்துப்போட்ட இடம், கட்டிவிடுவார். புதியவரின் முகம் மாறும். அடுத்த நிமிடம் கல் நட்டநடுவில் போய் விழும். வாயை மூடிக்கொண்டு பார்ப்பது சிரமம், ஏனென்றால் நானும் வருஷக்கணக்கில் இதையேதான் செய்தேன்.

ஏணி போலப் படிப்படியாகத் துரத்திப் பிடிப்பார்கள் என்று பார்க்காமல் ஓடுவது, அடுத்த கல்லில் பிடிபடும் அட்டாரி நிலையைக் கவனிக்காமல் விடுவது எல்லாம் தானே சரியாகிவிடும், அவற்றை விடுங்கள்.

எண்ணாமல் குதிப்பது

இதுதான் இன்றும் எனக்கு எரிச்சல் தரும் தவறு. எதிராளியின் மோயோவைப் பார்த்ததும் அது மொத்தமும் அவருடைய நிலம் என்று நம்பிவிடுகிறோம். அது இன்னும் நிலம் ஆகவில்லை, வேலி போட்ட கனவுதான்.

என் ஆட்டம் ஒன்றைச் சொல்கிறேன். நான் வெள்ளை, இரண்டாவதாக ஆடும் வெள்ளைக்கு ஈடாகத் தரும் கோமி 6.5 புள்ளி. கருப்புக்கு வலது கீழ்ப்பக்கம் Q4, Q10, K4 ஆகிய கற்கள், கூடவே R3-யும் வைத்து மூலையை இறுக்கிவிட்டார் (நெடுவரிசைக்கு எழுத்து, கிடைவரிசைக்கு எண்; எழுத்துகளில் I கிடையாது, எண்ணும்போது மறந்துவிடாதீர்கள்). எல்லாம் அவருக்கே போனால் 65 புள்ளிக்குக் குறையாது என்று தோன்றியது. பயந்து R7-ல் குதித்தேன்.

அவர் என்னைக் கொல்லவே முயலவில்லை. P7-ல் வைத்து மேலே மூடினார். நான் உள்ளே நெளிந்து நெளிந்து எதிராளி நிரப்ப முடியாத இரண்டு காலியிடங்களை, அதாவது இரண்டு கண், வைத்துப் பிழைத்தேன், கிடைத்தது ஏழெட்டுப் புள்ளி. பிழைத்துவிட்டோம் என்று சந்தோஷம் வேறு! ஆனால் நான் உள்ளே வைத்த ஒவ்வொரு கல்லுக்கும் அவர் வெளியே ஒரு கல் வைத்திருந்தார். அந்தச் சுவர் நடுப்பலகையைப் பார்த்து நின்றது. கீழ்ப்பக்கம் அவருக்குக் கெட்டியானது, மேலே K16 பக்கம் இருந்த என் இரண்டு கற்கள் திடீரென்று அநாதையாகின, அவற்றைத் துரத்திக்கொண்டே அவர் நடுவிலும் நிலம் சேர்த்தார். 11.5 புள்ளியில் தோற்றேன்.

பிறகு அந்த நிலையை மறுபடி அடுக்கி எண்ணினேன். என் நிலம் சுமார் 54, கோமியோடு 60.5. கருப்புக்கு வேறு இடங்களில் 8. அதாவது அந்த மோயோவை 50 அளவில் நிறுத்தியிருந்தால் அவருக்கு 58தான், நான் முன்னிலை! உள்ளே பிழைக்க வேண்டிய அவசியமே எனக்கு இருக்கவில்லை.

நிறுத்துவது எப்படி? மோயோவின் இரண்டு முனைக் கற்களை மனதில் ஒரு கோட்டால் இணையுங்கள், செக்டார் லைன் என்பார்கள். இங்கே K4-இலிருந்து Q10 வரை. N7 சரியாக அந்தக் கோட்டின் மேல் விழுகிறது. அங்கே ஒரு கல் வைத்தால் பின்னால் நடுப்பலகை திறந்திருக்கிறது, ஓட வழி உண்டு. கருப்பு கீழே N5-ல் காத்தால் அவர் நிலம் உறுதியாகும், ஆனால் சின்னதாக, நானும் அந்தக் கல்லை அப்படியே விட்டுவிட்டு வேறு பெரிய இடத்துக்குப் போகலாம். அவர் N9-ல் மேலிருந்து மூடினால் கீழே எனக்கு இடம் பிறக்கும். கோட்டுக்கு உள்ளே ஒவ்வொரு படி போகும்போதும் இந்த வசதி குறைந்துகொண்டே வரும்.

ஆகவே முதலில் எண்ணுங்கள், தோராயமாக இருந்தாலும் போதும். விளிம்பில் குறைத்தால் ஜெயிக்கிறேனா என்று கேளுங்கள். ஆமாம் என்றால் உள்ளே போகாதீர்கள்.

ஒரே வழியை நம்பி உள்ளே போவது

எண்ணிப் பார்த்தும் 15 புள்ளி பின்தங்கியிருந்தால், சரி, உள்ளே போகத்தான் வேண்டும். அப்போதும் அவருடைய மிகக் கடுமையான பதிலை முதலில் கற்பனை செய்யுங்கள். அதற்குப் பிறகும் உங்களுக்கு இரண்டு வழி இருக்கிறதா? பக்கவாட்டில் நீண்டு கண் வைப்பது ஒன்று, வெளியே ஓடுவது இன்னொன்று, அல்லது மூலை இன்னும் திறந்திருந்தால் R3-ல் நுழைவது. இரண்டில் ஒன்றை அவர் அடைத்தால் மற்றதை எடுக்கலாம். ஒன்றே ஒன்று என்றால் அதை அடைக்கத்தான் அவர் அடுத்த கல்லை வைப்பார். என் ஆட்டத்தில் R3 ஏற்கெனவே கருப்பு, அதைக்கூட நான் பார்க்கவில்லை.

செத்த கல்லுக்கு மேலும் கல் போடுவது

விட்டுவிடுங்கள்.

தாமதம்

கருப்பே N7-ல் வைத்துவிட்டால் அந்தக் கோடு அடைபட்டுவிடும். அடுத்து அவருக்கு அந்த ஒரு கல்தான் பாக்கி என்று தெரிந்தால், அதுதான் நீங்கள் குறைக்க வேண்டிய நேரம்.