காலி மைதானத்தில் பிள்ளைகளுக்குக் கிரிக்கெட் பயிற்சி: முதல் மாதத்தை எப்படித் தொடங்குவது?

8 முதல் 12 வயதுப் பிள்ளைகள் 12 பேர், டென்னிஸ் பந்து, வாரத்துக்கு இரண்டு நாள், ஒரு மணி நேரம். தொடக்கத்துக்கு இதுவே சரியான அளவு, இதற்கு மேல் சேர்த்தால் நீங்களும் ஓர் உதவியாளரும் எல்லோர் மேலும் கண் வைக்க முடியாது.

1. முதலில் இடம்

காலியாகக் கிடக்கிறது என்பதால் அது யாருடையதும் அல்ல என்று ஆகிவிடாது. உரிமையாளரைக் கண்டுபிடித்து, எந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பெற்றோர் கேட்கும்போது காட்டுவதற்கும் அது உதவும்.

அப்புறம் மைதானத்தைக் குறுக்கும் நெடுக்குமாக மெதுவாக நடந்து பாருங்கள். கண்ணாடித் துண்டு, கம்பி, பள்ளம், மூடாத குழி, சாலைப் பக்கம் திறந்து கிடக்கும் ஓரம் எல்லாம் கண்ணில் படும். பிட்ச் போடப்போகும் இடத்தில் பந்தை இடுப்பு உயரத்திலிருந்து பத்து இடங்களில் கீழே விட்டுப் பாருங்கள், நேராக எழும்பாமல் பக்கவாட்டில் துள்ளினால் அங்கே கல்லோ மேடோ இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் பேட்டிங் வேண்டாம், இப்படித் துள்ளும் பந்து முகத்தில் அடித்துவிடலாம். ஒவ்வொரு வகுப்புக்கு முன்னும் ஒரு சுற்று நடந்து பார்த்துவிடுங்கள், நேற்று இல்லாத பாட்டில் இன்றைக்கு உடைந்து கிடக்கும்.

2. பிட்சும் பந்தும்

பெரியவர்களின் பிட்ச் 22 கெஜம், அதாவது சுமார் 20 மீட்டர். பத்து வயதுப் பிள்ளைக்கு அது நீளம், பந்தை எறிந்தாவது அந்தப் பக்கம் சேர்க்கப் பார்ப்பான், கை பழகுவதே கெட்டுப்போகும். 16 கெஜம் வைத்தால் போதும். லெதர் பந்து கிட்டத்தட்ட 160 கிராம், டென்னிஸ் பந்து 60 கிராமுக்குள். கம்பி முகமூடி உள்ள ஹெல்மெட், கால் பேட், கிளவுஸ், இடுப்புக் கவசம் எல்லாம் இருந்தால்தான், அதுவும் சமமான பிட்சில்தான், லெதர் பந்து. "நிஜப் பந்து எப்போ சார்?" என்று பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருப்பார்கள், அசையாதீர்கள்.

3. வகுப்பை நடத்தும் விதம்

பந்தைவிட, பக்கத்தில் இன்னொரு பிள்ளை சுழற்றும் பேட்தான் எனக்கு அதிகப் பயம். அதனால் ஒரு நேரத்தில் கையில் பேட் இருப்பது ஒருவரிடம்தான். தன் முறைக்குக் காத்திருப்பவர் பேட்டைத் தரையில் வைத்துவிட்டு, கோடு போட்டுக் காட்டிய இடத்துக்குப் பின்னால் நிற்க வேண்டும். பந்தை எடுப்பவர் பேட்ஸ்மேன் பக்கம் எறியாமல் பந்துவீச்சாளருக்கு உருட்டிவிடட்டும். பேட்ஸ்மேனிலிருந்து 10 மீட்டருக்குள் விக்கெட் கீப்பர் தவிர யாரையும் நிறுத்தாதீர்கள்.

மொத்தம் 12 பேரும் ஒருவர் பேட்டிங்குக்காகக் காத்திருந்தால் சலித்துப்போய்த் தள்ளுமுள்ளு தொடங்கிவிடும். நான்கு நான்கு பேராகப் பிரித்து ஒரு குழு பேட்டிங்கும் பந்துவீச்சும், இன்னொன்று தள்ளி நின்று கேட்ச், மூன்றாவது ஸ்டம்பைக் குறிவைத்து எறிதல், 15 நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றம். பேட்டிங் குழுவின் பக்கத்தில் நீங்கள், மற்ற இரண்டையும் பார்க்க இன்னொரு பெரியவர்.

இடி கேட்டால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு எல்லோரையும் கட்டடத்துக்குள் அனுப்புங்கள், கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் கழித்துத்தான் மீண்டும் வெளியே. தலையில் அடிபட்டு மயக்கமோ வாந்தியோ குழப்பமோ இருந்தால் அன்று ஆட்டம் முடிந்தது, "இப்ப சரியாயிடுச்சு" என்று பிள்ளை சொன்னாலும் மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

4. கட்டணம்

பந்து, முதலுதவிப் பெட்டி, உதவியாளர் சம்பளம், உங்கள் நேரம், ஆறு மாதத்துக்குப் பிரித்த பேட், ஸ்டம்ப் விலை, எல்லாம் சேர்த்து மாதச் செலவு 3,600 என்று வைத்துக்கொள்வோம். 12ஆல் வகுத்து 300 என்று சொன்னால், இரண்டாம் மாதம் மூன்று பேர் நின்றதும் 2,700தான் வரும், கைக்காசு 900 போகும். அதனால் 9ஆல் வகுத்து 400 வையுங்கள். 12 பேரும் தொடர்ந்தால் மிச்சமாகும் 1,200இல் கட்ட முடியாத ஒரு பிள்ளைக்குக் கட்டணத்தை விட்டுக்கொடுக்கலாம், உடைந்த பேட்டை மாற்றலாம். மழையால் நின்ற வகுப்புக்கு ஈடு உண்டா, நடுவில் நின்றால் பணம் திரும்புமா என்பதை முதல் நாளே எழுத்தில் சொல்லிவிட்டு, வாங்கியதற்கு ரசீது கொடுங்கள். பணப் பேச்சைப் பிள்ளையிடம் எடுக்கவே கூடாது.

5. பெற்றோர்

சேர்க்கும்போது அவசர எண் இரண்டு, ஆஸ்துமா, ஒவ்வாமை, மருந்து விவரம், பிள்ளையை யார் கூட்டிப்போகலாம் என்ற பெயர்கள் எல்லாம் கேட்டு வாங்குங்கள். பட்டியலில் இல்லாதவர் வந்தால், மாமா என்றே சொன்னாலும், பெற்றோருக்குப் போன் போட்டுக் கேட்காமல் அனுப்பாதீர்கள். முதலில் கோபப்படுகிற அப்பாகூட இதற்காகவே பிறகு உங்களை நம்புவார்.

எந்தப் பிள்ளையோடும் தனியாக இருக்காதீர்கள். கடைசிப் பிள்ளை போகும்வரை உதவியாளரும் நிற்கட்டும். குறுஞ்செய்தி பெற்றோர் எண்ணுக்கு மட்டும், படம் அனுமதி வாங்கியபின் மட்டும். பேட் பிடியைத் திருத்த வேண்டுமானால் உங்கள் கையில் பிடித்துக் காட்டுங்கள், தொட்டே ஆக வேண்டுமென்றால் கேட்டுவிட்டு, எல்லோர் கண்முன்னாலும். ஓரத்தில் உட்கார்ந்து பார்க்க விரும்பும் பெற்றோரை ஒருபோதும் தடுக்காதீர்கள்.

சின்ன அடியானாலும் பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சொல்வதற்கு முன் நீங்களே போன் போடுங்கள்: எப்போது, எங்கே பட்டது, என்ன செய்தீர்கள், இன்று இரவு எதைக் கவனிக்க வேண்டும். மறுநாள் காலையும் ஒருமுறை விசாரியுங்கள்.