அந்தச் சத்தம் எதனால் என்று முன்பே சொல்லிவைத்தேன்

என் மனைவிக்கு விமானப் பயணம் என்றாலே பயம். போன முறை மேலே ஏறிய சற்று நேரத்தில் என்ஜின் சத்தம் சட்டென்று குறைந்தது. விழப்போகிறோம் என்றே நினைத்துவிட்டாள், பாவம்.

இந்த முறை இறக்கைக்கு நேரான வரிசையில் இடம் எடுத்தேன். வால் பக்கத்தைவிட அங்கே குலுக்கல் குறைவாகத் தெரியும். வெயில் ஏறினால் காற்றும் கொந்தளிக்கும் என்பதால் காலை விமானம். அப்புறம், ஏறும் முன்பே சத்தங்களை வரிசையாகச் சொல்லிவைத்தேன். தரையை விட்டதும் 'தட்' என்று கேட்டால் சக்கரம் உள்ளே போகிறது. அடுத்து இரைச்சல் குறைந்தால், புறப்படத் தேவைப்பட்ட கூடுதல் விசை குறைக்கப்படுகிறது. அப்போதும் விமானம் ஏறிக்கொண்டுதான் இருக்கும்.

இரைச்சல் குறைந்ததும் அவளே, "இதுதானே நீங்க சொன்னது?" என்று கேட்டாள். உள்ளங்கை வியர்த்துத்தான் இருந்தது, ஆனால் பிடி தளர்ந்திருந்தது.