சராசரி ஆர்டர் 2,000 ரூபாயா?

எங்கள் ஆன்லைன் பலகாரக் கடையில் இலவச டெலிவரிக்கு வரம்பு வைக்க, ஒரு நாளின் பத்து ஆர்டர்களைப் பார்த்தேன். ஒன்பது ஆர்டர்கள் 350 முதல் 550 ரூபாய்க்குள்; கூட்டினால் 4,000. பத்தாவது ஒரு கல்யாண வீட்டு ஆர்டர், 16,000. சராசரி 2,000 வந்தது. அந்தத் தொகைக்குப் பக்கத்தில்கூட யாரும் வாங்கவில்லை.

அப்புறம் ஷீட்டில் மீடியன் போட்டேன்:

```
=MEDIAN(B2:B11)
```

பத்துத் தொகைகளை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் இரண்டின் சராசரியை இது தரும். 450 வந்தது. கல்யாண ஆர்டர் 50,000 ஆகியிருந்தாலும் இது நகராது. வரம்பை 599 ஆக்கினோம்; இன்னொரு பாக்கெட் சேர்த்தால் எட்டிவிடலாம்.

ஆனால் வருமானக் கணக்குக்கு மீடியன் உதவாது. 450ஐப் பத்தால் பெருக்கினால் 4,500தான், கல்லாவுக்கு வந்ததோ 20,000. அதற்குச் சராசரியே சரி. கல்யாண ஆர்டர்களை இப்போது தனி ஷீட்டில் வைக்கிறேன்.