விளம்பர நிறுவன வேலையை எடைபோடும்போது செய்யக் கூடாத தவறுகள்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள் டிசைன் படித்து முடித்ததும், கிழக்கே கோயம்புத்தூருக்கும் மேற்கே கொச்சிக்குமாக இரண்டு திசையிலும் விண்ணப்பம் போடுகிறார்கள். விளம்பர நிறுவனத்திலிருந்து பதில் வந்தவுடன் பெரும்பாலோர் முதலில் பார்ப்பது சம்பளத் தொகையைத்தான். ஆனால் வேலை எப்படி இருக்கும் என்பதைச் சம்பளத்துக்கு முன்பே காட்டிவிடுவது, நேர்காணலுக்கு முன் செய்து தரச் சொல்லும் ‘டிரையல் டாஸ்க்’ எனப்படும் சோதனைப் பணி. அதைச் சரியாகப் படிக்காமல் விடுவதே இந்தத் துறையில் நேரும் முதல் தவறு.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து விண்ணப்பித்த ஒரு பெண்ணுக்குக் கொச்சி நிறுவனம் ஒன்று இப்படி ஒரு பணி அனுப்பியதாகக் கொள்வோம். ஒரு ஜவுளிக்கடையின் ஓண விற்பனைக்காக, அத்தம் முதல் கேட்டை வரையிலான ஆறு நாட்களுக்கு ஆறு இன்ஸ்டாகிராம் போஸ்டர்கள், முப்பது வினாடி ரீல் ஒன்று, எல்லாம் மலையாளத்திலும் தமிழிலும், சனிக்கிழமை மாலைக்குள், .psd கோப்புகளோடு. தேர்வு என்று பார்த்தால் இதில் நான்கு விஷயங்கள் உறுத்த வேண்டும். கடையின் பெயர் உண்மையானது. கெடு, அத்தத்துக்கு முந்தைய வாரத்தில் விழுகிறது. திறமையைப் பார்க்க JPG போதும் என்றிருக்க, திருத்தி எடுத்துக்கொள்ளக்கூடிய மூலக் கோப்பு கேட்கப்படுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அத்தம் முதல் திருவோணம் வரை நாட்கள் பத்து. இவருக்கு வந்தவை ஆறு. மூலம், பூராடம், உத்திராடம், திருவோணம் ஆகிய நான்கும் இன்னொரு விண்ணப்பதாரரின் மேசையில் இருக்கின்றன என்று ஊகிப்பது பிழையாகாது.

இரண்டு மொழிக்கும் சேர்த்து ஒரு போஸ்டருக்கு இரண்டு மணி நேரம், ரீலுக்கு நான்கு மணி நேரம் என்று வைத்தால் மொத்தம் பதினாறு மணி நேரம், அதாவது முழுதாக இரண்டு வேலை நாள். வெளியே மலிவாகப் போஸ்டருக்கு 500 ரூபாய், ரீலுக்கு 1,500 ரூபாய் என்று செய்து கொடுத்தாலும் இது 4,500 ரூபாய் வேலை. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல், “வாய்ப்புக் கிடைக்கிறதே” என்று இரவெல்லாம் உட்கார்ந்து முடித்து அனுப்பிவிடுகிறார்கள்.

அதற்காகச் சோதனைப் பணி எல்லாமே ஏமாற்று என்று ஒதுக்குவதும் தவறுதான். போர்ட்ஃபோலியோவில் இருப்பது விண்ணப்பித்தவரே செய்ததா என்று நிறுவனம் அறிய விரும்புவது நியாயமானது. நேர்மையான பணி இரண்டு மூன்று மணி நேரத்தில் முடியும், கற்பனைப் பெயரையோ பழைய விளம்பரத்தையோ வைத்துக் கேட்கப்படும், முடித்த பின் “இந்த நிறத்தை ஏன் எடுத்தீர்கள்?” என்று உட்கார வைத்துப் பேசுவார்கள். எல்லைப் பகுதிக்காரர்களுக்கென்றே பொருத்தமான ஒரு தேர்வும் உண்டு: ஒரே வாசகத்தைத் தமிழிலும் மலையாளத்திலும் ஃபோட்டோஷாப்பில் அடுக்கித் தரச் சொல்வது. யூனிகோடு எழுத்தைப் போட்டுவிட்டு, இந்திய மொழிகளுக்கான வரி அமைப்பைத் தேர்ந்தெடுக்காமல் விட்டால், சில பதிப்புகளில் ‘கெ’ என்பதில் கொம்பு எழுத்தின் வலப்பக்கம் போய் விழும். அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்பவரை அரை மணி நேரத்தில் அடையாளம் கண்டுவிடலாம். ஆறு போஸ்டர் தேவையில்லை.

இரண்டு மொழி தெரிவதைச் சும்மா கொடுத்துவிடுவது இன்னொரு தவறு. பாலக்காட்டிலும் கொச்சியிலும் உள்ள நிறுவனங்களுக்குக் கோயம்புத்தூர்ச் சந்தைக்கான தமிழ் விளம்பரமும் வருவதுண்டு. தமிழ் தெரிந்த ஜூனியர் டிசைனர் கிடைத்தால், வாசகம் எழுதுவதும் பிழை திருத்துவதும் அவர் தலையிலேயே விழும். அது காப்பிரைட்டரின் வேலை, அதற்குத் தனிக் கூலி உண்டு. சோதனைப் பணியிலேயே தமிழ் வாசகத்தை நீங்களே எழுதச் சொன்னால், வேலையில் சேர்ந்த பின்னும் அது உங்கள் கணக்கில்தான் ஏறும் என்று கொள்ள வேண்டும். சம்பளம் பேசும்போது இதைப் பெயர் சொல்லிப் பேசாவிட்டால் பிறகு பேச இடம் கிடைக்காது.

அந்தப் பெண் என்ன செய்திருக்கலாம்? “தேர்வுக்காக ஒரு போஸ்டர் இரண்டு மொழியிலும் செய்து, குறைந்த அளவு JPG ஆக, குறுக்கே என் பெயர் போட்டு அனுப்புகிறேன், மீதியும் வேண்டுமென்றால் இன்ன தொகை” என்று மின்னஞ்சலில் எழுதலாம். வாட்ஸ்அப்பில் பேசியிருந்தாலும் இதை மின்னஞ்சலில் எழுதி வைப்பது நல்லது. ஒன்றே போதும் என்று பதில் வந்தால் அது தேர்வு. சினந்தாலோ பதிலே வராமல் போனாலோ, அவர்களுக்குத் தேவைப்பட்டது ஓண போஸ்டர்தான். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, வேலையில் சேராமலும் கூலி வாங்காமலும் ஒருவர் செய்த வடிவமைப்பின் உரிமை அவருக்கே உரியது. அவர் கையெழுத்திட்ட எழுத்து இல்லாமல் அது இன்னொருவருக்கு மாறாது. ஆகையால், அனுப்புபவை அனைத்தும் நிறுவனத்துக்கே சொந்தம் என்ற வரி விண்ணப்பத்தில் எங்காவது இருக்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும்.

போர்ட்ஃபோலியோ விஷயத்தில் இருபது முப்பது படங்களைக் குவிப்பதுதான் வழக்கமான பிழை. புதியவருக்கு ஆறேழு வேலைகள், ஒவ்வொன்றுக்கும் என்ன கேட்டார்கள், என்ன செய்தேன் என்று இரண்டு வரி, அவ்வளவு போதும். வேலை விளம்பரத்தில் கேட்கும் போர்ட்ஃபோலியோவைத் திருப்பிப் படிக்கவும் தெரிய வேண்டும். ‘கிராஃபிக் டிசைனர், புதியவர்’ என்று போட்டுவிட்டு லோகோ, வீடியோ எடிட்டிங், பொருள் புகைப்படம், ஃபேஸ்புக் விளம்பரக் கணக்கு என்று எல்லாவற்றுக்கும் மாதிரி கேட்டால், ஒரு துறை முழுவதையும் ஒரே நாற்காலியில் உட்கார வைக்கப் போகிறார்கள் என்று பொருள்.

சம்பளத்துக்கு வருவோம். சிறிய நிறுவனங்களில் புதிய டிசைனருக்குக் கொச்சியிலும் கோயம்புத்தூரிலும் மாதம் 12,000 முதல் 20,000 ரூபாய் வரை சொல்வது வழக்கம். உங்களுக்காக நிறுவனம் செலவிடும் மொத்தத் தொகையான சிடிசி ஆண்டுக்கு 2,40,000 ரூபாய் என்பதைப் பன்னிரண்டால் வகுத்து 20,000 கைக்கு வரும் என்று நம்புவதே பெரிய தவறு. அதில் ஆண்டு முடிவில்தான் தரப்படும் ஊக்கத்தொகை மாதத்துக்கு 2,000 என்று வைத்திருப்பார்கள். அடிப்படைச் சம்பளம் 10,000 என்றால் நிறுவனம் கட்டும் பி.எஃப். 1,200, கிராஜுவிட்டி எனப்படும் பணிக்கொடை ஏறக்குறைய 480. இவை போக நிற்பது 16,320. அதிலிருந்து உங்கள் பங்கு பி.எஃப். 1,200, இ.எஸ்.ஐ. சுமார் 120 பிடித்தால் கையில் 15,000. கொச்சியில் பகிர்ந்து தங்கும் அறைக்கும் சாப்பாட்டுக்கும் 8,000 ஆனால் மீதி ஏழாயிரம்தான். வீட்டிலிருந்தே வேலந்தாவளம் வழியாகத் தினமும் கோயம்புத்தூர் உக்கடம் போய்வந்து 13,000 வாங்குபவர், பஸ் காசு போக அதைவிடக் கூடுதலாக மிச்சம் பிடிப்பார். பி.எஃப். உங்கள் பணம்தான் என்பது உண்மை. ஆனால் முதல் மாத வாடகைக்கு அது உதவாது.

“பிடித்தமே இல்லை, முழுதாக 20,000” என்று சொன்னால் இன்னும் கவனம் வேண்டும். பெரும்பாலும் அது உங்களைப் பணியாளராக அல்லாமல் ‘கன்சல்டன்ட்’ ஆகச் சேர்ப்பது. அப்போது 10 சதவீதம் டி.டி.எஸ். என்ற வரியைக் கழித்து 18,000தான் கணக்கில் ஏறும். வருமானம் வரி வரம்புக்குக் கீழே இருந்தால் கணக்குத் தாக்கல் செய்து அந்தத் தொகையைத் திரும்பப் பெறலாம். பி.எஃப்., இ.எஸ்.ஐ., சம்பளத்தோடு விடுப்பு மூன்றும் அதில் இராது. சம்பளச் சீட்டும் வராது. அடுத்த நிறுவனம் முந்தைய மூன்று மாதச் சீட்டைக் கேட்கும்போது கொடுக்க வேறு என்ன ஆவணம் தருவார்கள் என்பதைச் சேரும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.