முதல் வரிசை மொத்தமும் பூஜ்ஜியமான கதை

`m` என்ற அணியில் பூஜ்ஜியம் எங்கே இருந்தாலும் அதன் வரிசையையும் நெடுவரிசையையும் முழுக்கப் பூஜ்ஜியமாக்க வேண்டும்; எந்த நெடுவரிசையை அழிப்பது என்ற குறியை முதல் வரிசையிலேயே பூஜ்ஜியமாகப் போட்டு வைத்தேன். [[1,2,3],[4,0,6],[7,8,9]] கொடுத்தால் முதல் வரிசை 1,0,3 என்று வரவேண்டும், எனக்கு 0,0,0 வந்தது. ஒரு மணி நேரம் தேடிய பிறகுதான் பிடிபட்டது: நடுவில் இருக்கும் பூஜ்ஜியத்துக்காக `m[0][1]`-இல் நானே போட்ட குறியை, கடைசியில் முதல் வரிசையின் சொந்தப் பூஜ்ஜியம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். குறி போடுவதற்கு முன்பே இதைக் கேட்டு வைத்ததும் சரியாகிவிட்டது:

```python
top = 0 in m[0]
```

அப்புறம் இரண்டாவது வரிசையிலிருந்து ஒவ்வொன்றையும் முழுக்கப் பார்த்து, பூஜ்ஜியம் இருக்கும் நெடுவரிசைக்கு மேலே குறி போட்டு, பார்த்து முடித்ததும் பூஜ்ஜியம் இருந்த வரிசையை அங்கேயே பூஜ்ஜியமாக்கிவிடலாம், அதனால் முதல் நெடுவரிசையில் தனிக் குறியே தேவையில்லை. பாதி பார்க்கும்போதே அழித்தால் நாம் போட்ட பூஜ்ஜியங்களும் குறியாகி வலப்பக்கம் மீதியுள்ள எல்லா நெடுவரிசையும் போய்விடும். பிறகு குறிப்படி நெடுவரிசைகள். `top` உண்மையென்றால் முதல் வரிசை, அதுவும் கடைசியாகத்தான்.